அயல் வாரியத்தின் வினாத்தாள்: சலிக்காமல் எழுதக் கூடாது

ஆவடியில் ஒரே தெருவில் வசிக்கும் இரு மாணவர்கள் ஒரே பாடத்துக்கு இரு வேறு உலகங்களில் தேர்வு எழுதுவது புதிதல்ல. கனரக வாகனத் தொழிற்சாலை, படைத்துறை உடைத் தொழிற்சாலை, விமானப் படை நிலையம் ஆகியவற்றின் வளாகங்களை ஒட்டிய கேந்திரிய வித்யாலயாக்களில் ஒருவர் பயில்வார். பட்டாபிராமிலோ அம்பத்தூரிலோ உள்ள மாநிலப் பாடத்திட்டப் பள்ளியில் மற்றவர் பயில்வார். பொதுத் தேர்வு நெருங்கும் மாதங்களில் இவர்களிடையே வினாத்தாள்கள் கைமாறும். ஜெராக்ஸ் கடைகளில் இரு வாரியங்களின் தாள்களும் ஒரே கயிற்றில் தொங்கும். கூடுதல் பயிற்சிக்கு இவற்றை வாங்கிச் செல்லும் பெற்றோரை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில், பிளஸ் 2 கணிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த வழக்கம் எங்கே பயன்படுகிறது, எங்கே தடம் மாற்றுகிறது என்பதை விளக்க விரும்புகிறேன்.

மாநிலப் பாடத்திட்ட மாணவருக்கு அயல் தாள் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. இப்போதைய பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் 2019-20 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி முதல் பொதுத் தேர்வு 2020 மார்ச்சில் நடந்தது. 2021-இல் பெருந்தொற்றால் தேர்வே நடக்கவில்லை. 2022-இல் குறைக்கப்பட்ட பாடப்பகுதிக்குத் தேர்வு நடந்தது. ஆக, முழுப் பாடத்துக்கும் உரிய அசல் பொதுத் தேர்வுத் தாள்கள், துணைத் தேர்வுகளையும் சேர்த்து எண்ணினாலும், அதிகமில்லை. முனைப்புள்ள மாணவர் ஜனவரிக்குள் அவற்றை முடித்துவிடுவார். அதன் பிறகு அவர் கை அடுத்த வீட்டுத் தாளைத் தேடுகிறது.

அந்தத் தாளை வாங்கி, கடிகாரத்தை வைத்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து முழுவதுமாக எழுதி, வந்த மதிப்பெண்ணை மெய்யென்று நம்புவதுதான் பெரும்பாலோர் செய்வது. செய்யக் கூடாததும் அதுவே.

என்னிடம் பயின்ற மாணவி ஒருவர் அப்படி ஒரு சிபிஎஸ்இ தாளை எழுதி, 80-க்கு 48 வாங்கினார். பள்ளித் திருப்புதல் தேர்வில் 90-க்கு எண்பதை ஒட்டி எடுப்பவர் அவர். 'எனக்கு உண்மையில் கணிதம் வரவில்லை, பள்ளியில் எளிதாகக் கேட்கிறார்கள்' என்ற முடிவுக்கு வந்திருந்தார். அவருடைய தந்தையோ வேறு பயிற்சி மையம் தேடத் தொடங்கியிருந்தார். அந்தத் தாளை எடுத்து, ஒவ்வொரு வினாவின் ஓரத்திலும் அது மாநிலப் பாடநூலில் எங்கே வருகிறது என்று குறிக்கச் சொன்னேன். ஒரு மணி நேர வேலை. முடிவில் தாள் மூன்றாகப் பிரிந்தது. நேரியல் திட்டமிடல் வினா 5 மதிப்பெண். மாநிலக் கணிதப் பாடத்தின் பன்னிரண்டாம் வகுப்பில் அந்தப் பாடமே இல்லை. 33 மதிப்பெண்ணுக்கான வினாக்கள் மாநிலத் திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பில் முடிந்துவிட்டவை. எஞ்சிய 42 மதிப்பெண் மட்டுமே அவர் மார்ச்சில் எழுதப்போகும் தேர்வுக்கு உரியது. அந்த 42-இல் அவர் பெற்றது 35. முதல் பகுதியில் சுழி. பதினொன்றாம் வகுப்புப் பகுதியில் 33-க்கு 13.

48 என்ற எண் மூன்று வெவ்வேறு செய்திகளைக் கலந்து சொல்லியது. அவர் படிக்காத ஒன்றில் சுழி வாங்கியது செய்தியே அல்ல. தம் தேர்வுக்குரிய பகுதியில் ஆறில் ஐந்து பங்கு பெற்றிருக்கிறார். அது நல்ல நிலை. போன ஆண்டுப் பாடம் மறந்திருக்கிறது. அது பொறியியல் முதலாண்டிலும் நுழைவுத் தேர்விலும் தொல்லை தரும், ஆனால் மார்ச் தேர்வை நேரடியாகப் பாதிக்காது. இந்த மூன்றையும் பிரிக்காமல் கூட்டிப் பார்த்தால், தந்தை தேடிய பயிற்சி மையம்தான் மிஞ்சும்.

இரு வாரியங்களும் ஏறத்தாழ ஒரே கணிதத்தைத்தான் கற்பிக்கின்றன. ஆனால் எந்த ஆண்டில் எதைக் கற்பிப்பது என்பதில் குறுக்காக வெட்டிக்கொள்கின்றன. கலப்பு எண்களும் கூம்பு வளைவுகளும் சிபிஎஸ்இ-யில் பதினொன்றாம் வகுப்பு, மாநிலத்தில் பன்னிரண்டு. தொகையிடலின் முறைகள், சார்பின் தொடர்ச்சித் தன்மை, நிபந்தனை நிகழ்தகவு, பேயீஸ் தேற்றம் ஆகியவை சிபிஎஸ்இ-யில் பன்னிரண்டு; மாநிலத்தில் பதினொன்று. எனவே 'பன்னிரண்டாம் வகுப்பு' என்று தலைப்பில் அச்சிட்டிருப்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது.

எந்தப் பாடம் எவ்வளவு பொருந்தும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சலிக்கும் வேலை இங்கேதான் இருக்கிறது.

மிகச் சிறப்பாகப் பொருந்துவது வகைக்கெழுச் சமன்பாடுகள். வரிசையும் படியும் காணுதல், மாறிகளைப் பிரித்தல், சமபடித்தான சமன்பாடு, முதல் வரிசை நேரியல் சமன்பாடு என்று இரு வாரியங்களும் ஏறக்குறைய ஒரே எல்லைக்குள் நிற்கின்றன. மாநில மாணவர் சிபிஎஸ்இ-யின் எந்த ஆண்டுத் தாளிலிருந்தும் இந்த வினாக்களை அச்சமின்றி எடுத்துக்கொள்ளலாம். அடுத்து, வரையறுத்த தொகைகளின் பண்புகளும் பரப்பு காணுதலும். பெருமம், சிறுமம் காணும் வினாக்களும் அப்படியே. அணிகளில், நேர்மாறு அணி வழியாக மூன்று சமன்பாடுகளின் தொகுப்பைத் தீர்க்கும் வினா இரண்டுக்கும் பொது. ஆனால் அணியின் தரம், கிராமரின் விதி, காஸ்ஸியன் நீக்கல் முறை ஆகியவற்றுக்கு இன்றைய சிபிஎஸ்இ தாளில் பயிற்சி கிடைக்காது. கலப்பு எண்கள், சமன்பாட்டியல், கூம்பு வளைவுகள், பகுதி வகைக்கெழுக்கள், தனிநிலைக் கணிதம் ஆகியவற்றுக்கும் கிடைக்காது. இவை மாநிலத் தாளில் கணிசமான மதிப்பெண் உடையவை. அயல் தாளை மட்டுமே நம்பிப் பயிற்சி எடுப்பவர் கவனிக்காமல் விட்டுவிடுவது இந்த வெற்றிடத்தைத்தான். எழுதிய வினாவில் தவறினால் தெரியும். எழுதவே வாய்ப்பில்லாத பாடத்தில் எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்பதை எந்தத் தாளும் சொல்லாது.

வெக்டரில் ஒரு நுட்பம் இருக்கிறது. மாநிலத்தின் ஆறாம் பாடம் தளங்களைப் பற்றி நிறையப் பேசுகிறது. சிபிஎஸ்இ-யும் முன்பு பேசியது. பாடச்சுமைக் குறைப்புக்குப் பின் தளங்கள் அங்கே நீக்கப்பட்டுவிட்டன. தொடுகோடும் செங்கோடும், இடைமதிப்புத் தேற்றங்கள், நேர்மாறு முக்கோணவியல் சார்புகளின் பண்புகள் ஆகியவையும் அங்கிருந்து போய்விட்டன. மாநிலப் பாடநூலில் இவை அனைத்தும் இருக்கின்றன. ஆகவே மாநில மாணவருக்குச் சென்ற ஆண்டின் சிபிஎஸ்இ தாளைவிட, 2019-க்கு முந்தைய தாள்களே அதிகம் உதவும். 'புதியது எதுவோ அதுவே சிறந்தது' என்று கடைக்காரர் சொல்வதை இந்த ஒன்றில் கேட்க வேண்டாம். அந்தப் பழைய தாள்கள் 100 மதிப்பெண்ணுக்கானவை என்பதையும், அவற்றில் 4 மதிப்பெண், 6 மதிப்பெண் வினாக்கள் இருக்கும் என்பதையும் மனத்தில் கொண்டால் போதும். இன்னொன்று: 2021-22 கல்வியாண்டில் சிபிஎஸ்இ தேர்வை இரு பருவங்களாகப் பிரித்து நடத்தியது. முதற்பருவத் தாள் முழுவதும் கொள்குறி வினாக்கள். இரண்டாம் பருவத் தாள் 40 மதிப்பெண். அந்த இரண்டையும் முழுத் தாளாகக் கருதி எழுதுவது வீண்.

கேரளத்தின் மேல்நிலைத் தேர்வுத் தாள்களும் கர்நாடகத்தின் இரண்டாம் ஆண்டு பி.யூ.சி. தாள்களும் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றின் பெயர் வேறாக இருந்தாலும், அவை பின்பற்றுவது என்சிஇஆர்டி பாடநூலையே. எனவே மேலே சொன்ன சல்லடையே அவற்றுக்கும் போதும். புதிதாக ஒன்று தேவையில்லை.

நான் அதிகம் பரிந்துரைக்கும் அயல் தாள் வேறு. அது தமிழ்நாட்டின் பழைய தாள்தான். அயல் என்று அதைச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். பாடநூலும் மதிப்பெண் முறையும் மாறிய பின் அதுவும் ஓர் அயல் வாரியமே. 2018 வரை பிளஸ் 2 கணிதம் 200 மதிப்பெண்ணுக்கு நடந்தது: ஒரு மதிப்பெண் வினா 40, ஆறு மதிப்பெண் வினா 10, பத்து மதிப்பெண் வினா 10. அந்தப் பாடத்திட்டத்தில் கலப்பு எண்கள், பகுமுறை வடிவியல், வெக்டர், அணிகள், தனிநிலைக் கணிதம் அனைத்தும் பன்னிரண்டாம் வகுப்பிலேயே இருந்தன. சிபிஎஸ்இ தாள் விட்டுவைக்கும் வெற்றிடத்தின் பெரும்பகுதியை இது நிரப்புகிறது. அண்ணனோ அக்காவோ படித்த வீடுகளில் பரணில் இருக்கும். அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் பழைய புத்தகக் கடைகளிலும் அகப்படும்.

இந்தத் தாளைப் பயன்படுத்த ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். அன்று 180 நிமிடத்தில் 200 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கு 54 நொடி. இன்று 180 நிமிடத்தில் 90 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கு 2 நிமிடம். அப்படியானால் அன்றைய பத்து மதிப்பெண் வினாவுக்குக் கிடைத்தது 9 நிமிடம். இன்றைய ஐந்து மதிப்பெண் வினாவுக்குக் கிடைப்பது 10 நிமிடம். அன்றைய ஆறு மதிப்பெண்ணுக்கு ஐந்தரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இன்றைய மூன்று மதிப்பெண்ணுக்கு 6 நிமிடம். பழைய பத்தை இன்றைய ஐந்தாகவும், பழைய ஆறை இன்றைய மூன்றாகவும் எண்ணிக்கொண்டால் நேரப் பயிற்சி சரியாக அமையும். பத்து மதிப்பெண் என்றதும் மிகக் கடினமானது என்று மிரளத் தேவையில்லை. ஒரு மதிப்பெண் வினாக்களில் மட்டும் இந்தப் பொருத்தம் இல்லை. அன்று அவற்றை ஒரு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டியிருந்தது. இன்று கணக்கிட்டுப் பார்க்க நேரம் உண்டு. வேகத்துக்காக வேண்டுமானால் அவற்றைப் பயன்படுத்தலாம்.

நீக்க வேண்டியவையும் இருக்கின்றன. பாய்சான் பரவல், இயல்நிலைப் பரவல், குலங்கள், இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடுகள், வளைவரையின் நீளம், சுழற்சியால் உண்டாகும் புறப்பரப்பு ஆகிய வினாக்களைக் கண்டால் கோடிட்டு அடித்துவிட வேண்டும். இன்றைய நூலில் அவை இல்லை. சமன்பாட்டியலும் நேர்மாறு முக்கோணவியலும் அன்றைய பன்னிரண்டாம் வகுப்பில் இல்லை. அவற்றுக்கு இந்தத் தாளில் பயிற்சி தேட வேண்டாம்.

எல்லாவற்றிலும் ஏமாற்றக்கூடிய தாள் 2019 மார்ச் தாள். மொத்த மதிப்பெண் 1200-இலிருந்து 600 ஆனது அந்த ஆண்டில்தான். ஆனால் புதிய பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. எனவே அந்தத் தாள் பார்ப்பதற்கு இன்றைய தாளைப் போலவே இருக்கும்: 90 மதிப்பெண், ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்ற அதே பிரிவுகள். உள்ளிருப்பதோ பழைய பாடம். 200 மதிப்பெண் தாளை எடுப்பவர் அது பழையது என்று அறிந்தே எடுக்கிறார். 2019 தாளை எடுப்பவருக்கு அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. தொகுப்பு நூல்களில் இது புதிய தாள்களோடு சேர்ந்தே அச்சாகியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பாய்சான் பரவலைக் கேட்கும் வினாவைப் பார்த்து, 'இதை எங்கள் ஆசிரியர் நடத்தவே இல்லை' என்று குறைபட்டுக்கொண்ட பிள்ளைகளும் உண்டு. ஆசிரியர் மீது பிழையில்லை.

இனி, பொருந்தும் வினாவையும் எப்படிக் கையாள்வது என்று பார்ப்போம். 2023 முதல் சிபிஎஸ்இ கணிதத் தாளில் சூழல் சார்ந்த வினாக்கள் மூன்று வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். அந்த வகையில் நானே அமைத்த ஒரு வினாவைக் காட்டுகிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை, 18 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தகட்டின் நான்கு மூலைகளிலும் x செ.மீ. பக்கமுள்ள சதுரங்களை வெட்டி, ஓரங்களை மடித்து, மேல்மூடி இல்லாத பெட்டி செய்கிறது. முதல் உள்வினா: கன அளவை x-இன் சார்பாக எழுதுக. இரண்டாவது: அதன் வகைக்கெழுவைக் காண்க. மூன்றாவது: கன அளவு பெருமமாக x எவ்வளவு இருக்க வேண்டும்?

மாநிலத் தாளில் இதே வினா ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரே வாக்கியமாக வரும்: பெட்டியின் பெருமக் கன அளவைக் காண்க. படிக்கட்டு இருக்காது. சார்பை அமைக்க வேண்டும் என்பதையே மாணவர்தான் கண்டுகொள்ள வேண்டும். சிபிஎஸ்இ-யின் உள்வினாக்கள் வழிகாட்டியபடி செய்து பழகியவர், வழிகாட்டி இல்லாதபோது முதல் வரியிலேயே நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். எனவே இத்தகைய வினாவை எடுக்கும்போது உள்வினாக்களைத் தாளால் மறைத்துவிட்டு, சூழலையும் கடைசிக் கேள்வியையும் மட்டும் படித்து, முழு விடையாக எழுத வேண்டும்.

விடை இப்படி அமையும். அடிப்பக்கம் 18 − 2x, உயரம் x. ஆகவே

V = x(18 − 2x)², 0 < x < 9

V′ = (18 − 2x)(18 − 6x)

V′ = 0 எனில் x = 9 அல்லது x = 3. x = 9 ஆனால் தகடே மிஞ்சாது; எனவே அது எல்லைக்கு வெளியே. V″ = 24x − 144; x = 3-இல் இது −72, குறை எண். ஆகவே அங்கே பெருமம். V = 3 × 12² = 432 கன செ.மீ.

இதில் x-இன் எல்லையை எழுதுவது, 9-ஐ ஏன் விலக்கினோம் என்று ஒரு சொற்றொடரில் சொல்வது, இரண்டாம் வகைக்கெழுவால் பெருமம் என்று நிறுவுவது, அலகை எழுதுவது ஆகிய நான்கும் படிநிலை மதிப்பெண் சார்ந்தவை. சிபிஎஸ்இ-யின் மூன்றாம் உள்வினாவுக்கு x = 3 என்று நிறுத்திக்கொண்டால் போதும். மாநில வினா கேட்பது கன அளவு. 3 என்று நிறுத்தினால் வினாவுக்கு விடையளித்ததாக ஆகாது. ஒரே கணக்கு, இரு வேறு முடிவிடங்கள்.

கூற்று–காரணம் வகை வினாக்களைப் பற்றிக் கேட்கிறார்கள். மாநிலக் கணிதத் தாளில் அந்த வடிவம் இல்லை. கருத்துத் தெளிவுக்கு வாசிக்கலாம். நேரம் வைத்து எழுதிப் பார்க்க வேண்டியதில்லை.

விடைக் குறிப்புகளில் இன்னொரு இடர்ப்பாடு உண்டு. சிபிஎஸ்இ ஆண்டுதோறும் மாதிரி வினாத்தாளுடன் மதிப்பீட்டுக் குறிப்பையும் வெளியிடுகிறது. எந்தப் படிக்கு அரை மதிப்பெண், எந்தப் படிக்கு ஒன்று என்பதுவரை அதில் இருக்கும். அது நம்பத்தக்கது. தனியார் தொகுப்புகளின் பின்பக்க விடைகள் அப்படியல்ல. ஆனால் விடை பொருந்தவில்லை என்றதும் நூல் பிழை என்றோ தம் பிழை என்றோ முடிவு கட்டிவிடக் கூடாது. ∫ sin x cos x dx என்பதற்கு ஒரு நூல் (sin²x)/2 + c என்கிறது. மற்றொன்று −(cos 2x)/4 + c என்கிறது. இரண்டும் சரி, மாறிலியில் மட்டுமே வேறுபாடு. dy/dx = (1 + y²)/(1 + x²) என்ற சமன்பாட்டுக்கு ஒரு வாரியத்தின் குறிப்பு tan⁻¹y = tan⁻¹x + c என்று முடிக்கும்; மற்றொன்று y − x = k(1 + xy) என்று முடிக்கும். c-ஐ tan⁻¹k என்று கொண்டு இருபுறமும் tan எடுத்துப் பார்த்தால் முதலாவதிலிருந்தே இரண்டாவது வரும். சோதிக்கும் முறை எளிது: உங்கள் விடையை வகையிட்டுப் பாருங்கள், தொடங்கிய இடத்துக்குத் திரும்பினால் சரி. வேறு நூலின் விடையோடு ஒப்பிடுவதைவிட இது உறுதியானது. அயல் தாளில் பயில்பவருக்கு இந்தப் பழக்கம் இல்லையெனில், சரியாகச் செய்த கணக்கை அடித்துவிட்டு அரைமணி நேரம் தவிப்பார்.

தமிழ்வழி மாணவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மாநிலத் தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகிறது. சிபிஎஸ்இ கணிதத் தாளில் தமிழ் இருக்காது. தமிழ்வழியில் பயிலும் பிள்ளை அந்தத் தாளை எழுத எடுக்கும் நேரத்தில் ஒரு பகுதி மொழியைப் புரிந்துகொள்வதில் போகிறது. எனவே அந்தப் பயிற்சியில் வேகத்தை அளக்க முடியாது; அளக்கவும் கூடாது. ஆசிரியர் பத்து வினாக்களைத் தேர்ந்து, பாடநூல் கலைச்சொற்களிலேயே தமிழாக்கித் தந்தால் பெரிதும் பயன்படும். 'பெருமம்', 'இடஞ்சார்ந்த பெருமம்' என்று நூலில் படித்தவரிடம் அகராதி பார்த்து 'அதிகபட்சம்' என்று எழுதித் தந்தால், புதிய பாடம் என்று எண்ணிக்கொள்வார். தமிழ்வழி மாணவருக்குப் பழைய 200 மதிப்பெண் தாள் ஏற்றதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அது தமிழிலேயே இருக்கிறது, சொற்களும் பெரும்பாலும் அவையே.

எப்போது பயன்படுத்துவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு, ஒரு பாடம் முடிந்தவுடன், அந்தப் பாடத்துக்குரிய அயல் வினாக்கள் ஐந்தாறைச் செய்யலாம். அப்போது அவை பாடத்தை வேறொரு கோணத்தில் காட்டுகின்றன. திருப்புதல் தேர்வுகள் தொடங்கிய பின் அயல் தாளைக் கட்டி வைத்துவிட வேண்டும். பிப்ரவரியில் தேவைப்படுவது, இரண்டு மதிப்பெண் பிரிவில் பத்தில் எந்த ஏழைத் தேர்வது, கட்டாய வினாவுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது, 'அல்லது' வினாக்களில் எதை விரைந்து விலக்குவது என்ற பழக்கம். அதைச் சொந்த வாரியத்தின் தாள் மட்டுமே தரும். முழுத் தாளைக் கடிகாரம் வைத்து எழுதுவது என்றால், அது சொந்த வாரியத்தின் தாளாகவே இருக்கட்டும். முன்பு எழுதிய தாளையே ஆறு வாரம் கழித்து மீண்டும் எழுதுவது, பொருந்தாத புதிய தாளை எழுதுவதைவிட மேல்.

திருவேற்காடு, பூந்தமல்லி, ஆவடி வட்டாரத்துப் பொறியியல் மாணவர்களிடையேயும் இதே பழக்கம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி, தன்னாட்சிக் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆகியவை அருகருகே இருப்பதால் தாள்கள் பேருந்திலேயே கைமாறுகின்றன. அங்கே பாடத்தின் பெயரை நம்புவது பள்ளியைவிட ஆபத்தானது. ஒரே பெயருள்ள பாடத்துக்கு ஒரு நிறுவனம் ஐந்து அலகுகளை ஒருவிதமாகவும் மற்றொன்று வேறுவிதமாகவும் வகுத்திருக்கும். ஒப்பிட வேண்டியது அலகுத் தலைப்புகளையும் ஒழுங்குமுறை ஆண்டையும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி இரண்டு மதிப்பெண் வினா பத்து, பதின்மூன்று மதிப்பெண் வினா ஐந்து, பதினைந்து மதிப்பெண் வினா ஒன்று. கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2018, 2022 திட்டங்களில் இரண்டு மதிப்பெண் பகுதியே கிடையாது. ஐந்து முழு வினாக்கள், ஒவ்வொன்றும் 20. அந்தத் தாளில் மட்டும் பயின்றவர் 20 மதிப்பெண்ணுக்கான முதல் பகுதிக்குத் தயாராகாமலே தேர்வுக்கு வருகிறார்.

கேந்திரிய வித்யாலயா மாணவர் மாநிலத் தாளை எடுத்தால் சல்லடை தலைகீழாகும். அவருக்கு மாநிலத்தின் பதினொன்றாம் வகுப்புத் தாள்தான் தொகையிடல் முறைகளுக்கும் பேயீஸ் தேற்றத்துக்கும் உரிய சுரங்கம். பன்னிரண்டாம் வகுப்புத் தாளில் வகைக்கெழுச் சமன்பாடு, பரப்பு, பெருமம்–சிறுமம், நேர்மாறு அணி, வெக்டர் கோடுகள் ஆகியவற்றின் ஐந்து மதிப்பெண் வினாக்களை எடுத்துக்கொள்ளலாம். நேரியல் திட்டமிடலுக்கு மாநிலக் கணிதத் தாளில் எதுவும் கிடைக்காது. வணிகக் கணிதப் பாடநூலில் பதினொன்றாம் வகுப்பின் செயல்முறைகள் ஆராய்ச்சிப் பாடத்தைத் திறந்தால் கிடைக்கும்.